பழைய பத்திரத்தின் தேதி ஞாயிற்றுக்கிழமையா? மனக்கணக்கில் பார்க்கலாம்

மதுரை, மேலூர் பக்கத்து நிலப் பத்திரங்களைச் சரிபார்க்கும்போது, சார்பதிவாளரிடம் தாக்கல் செய்த தேதி என்ன கிழமை என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அலுவலகம் வழக்கமாக மூடியிருக்கும் ஞாயிறு வந்தால், அந்த நகலைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஜான் கான்வே என்ற கணித அறிஞர் வகுத்த டூம்ஸ்டே முறை போதும். எந்த வருடத்திலும் சில தேதிகள் ஒரே கிழமையில் வரும்: 4/4, 6/6, 8/8, 10/10, 12/12. அப்புறம் 9/5, 5/9, 7/11, 11/7. மார்ச் 7-ம் தேதியும் பிப்ரவரியின் கடைசி நாளும் அதே கிழமைதான். ஜனவரிக்கு 3-ம் தேதி, லீப் வருடமானால் 4. அந்தப் பொதுக் கிழமை தெரிந்தால் மற்ற தேதிகளுக்கு ஏழு ஏழாக நகரலாம்.

ஒரு கிரயப் பத்திர நகலில் தாக்கல் தேதி 8-2-1976 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1900-களுக்குத் தொடக்கம் புதன் (2000-களுக்குச் செவ்வாய்). 76-ல் பன்னிரண்டு ஆறு முறை அடங்கும், மீதி 4. அந்த மீதியில் நான்கு ஒருமுறை அடங்கும். 6, 4, 1 மூன்றையும் கூட்டினால் 11. ஏழைக் கழித்தால் 4. புதனிலிருந்து நான்கு நாள் தள்ளினால் ஞாயிறு. அதுதான் 1976-ன் பொதுக் கிழமை.

1976 லீப் வருடம், ஆகவே பிப்ரவரி 29 ஞாயிறு. 22, 15, 8 என்று பின்னால் வந்தால் 8-ம் தேதியும் ஞாயிறு. பலரும் சறுக்குவது இங்கேதான். லீப் வருடத்தை மறந்து 28-ஐ ஞாயிறு என்று எடுத்தால் 7-ம் தேதி ஞாயிறாகி, 8 திங்களாகிவிடும், சந்தேகமே எழாது. ஜனவரி, பிப்ரவரித் தேதி என்றால் வருடம் லீப்பா என்பதை முதலில் பாருங்கள்.

சரி, ஞாயிறு வந்துவிட்டால் பத்திரம் போலியா? அவசரப்படக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்ட தேதி ஞாயிறாக இருப்பதில் தவறே இல்லை. பதிவுக்குக் கொண்டுபோக நான்கு மாதம் அவகாசம் உண்டு. பின்பக்கத்தில் உள்ள தாக்கல் குறிப்பின் தேதியைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் தகுந்த காரணம் இருந்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டம் இடம் தருகிறது. மங்கிய ஜெராக்ஸில் 3 என்ற எண் 8 போலத் தெரிவதும் உண்டு.

இன்னொன்று, பழைய பத்திரங்களில் ஆடி 12 என்பதுபோலத் தமிழ்த் தேதி மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு நேரடியாகச் செல்லாது. தமிழ் மாதங்களின் நாள் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் மாறும். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆங்கிலத் தேதிக்கு மாற்றிய பிறகே கணக்கிடுங்கள்.

ஞாயிறு என்று உறுதியானால், முன்பணம் கொடுக்கும் முன்பே பத்திர எண்ணையும் ஆண்டையும் சொல்லிப் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.