மும்பை சொசைட்டியில் மெயின்டனன்ஸ் ஏறினால்: கணக்குக் கேட்டு எழுதுவது எப்படி

"அடுத்த மாதம் முதல் மெயின்டனன்ஸ் 4,100 அல்ல, 5,600. கமிட்டி முடிவு." செம்பூரிலும் முலுண்டிலும் நம் ஆட்களுக்கு வரும் மெயில் பெரும்பாலும் இவ்வளவுதான். பலர் கோபத்தில் அன்றே ஒரு வரி பதில் போட்டு, பணத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேயே கமிட்டியின் கை ஓங்கிவிடும். சொசைட்டியின் விதிகளான பை-லாவில் பாக்கிக்குத் தனிவட்டி போட இடமிருக்கிறது. பாக்கிக்காரர் என்ற பெயர் விழுந்தபின் நீங்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் "முதலில் பாக்கியைக் கட்டுங்கள்" என்பதே பதிலாக வரும். அதனால் புதிய தொகையைக் கட்டிவிடுங்கள். கூடவே, ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

எழுதும் முன் ஷேர் சர்டிபிகேட்டை எடுத்துப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உறுப்பினர். அப்பா காலமாகிப் பல வருடமாகியும் பெயர் மாற்றாத வீடுகள் நம்மிடையே நிறைய. மகன் மெயில் அனுப்புவார், "நீங்கள் உறுப்பினர் இல்லை" என்று செகரட்டரி ஒரே வரியில் முடித்துவிடுவார். அம்மா பெயரில் வீடு இருந்தால் அம்மாவின் கையெழுத்தில்தான் கடிதம் போக வேண்டும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரைத்தான் எழுதச் சொல்ல வேண்டும்.

எதைக் கேட்பது என்பதுதான் முக்கியம். "ஏன் ஏற்றினீர்கள்?" என்றால் "விலைவாசி" என்று பதில் வரும். தலைப்பு வாரியாகக் கேளுங்கள். மகாராஷ்டிர மாதிரி பை-லாவின்படி வாட்ச்மேன், துப்புரவாளர் சம்பளம், பொது மின்சாரம், ஆடிட் கட்டணம் போன்ற சர்வீஸ் சார்ஜ் எல்லா வீட்டுக்கும் சமம், சதுர அடிக்கு ஏற்ப அல்ல. லிஃப்ட் செலவும் அப்படியே. ரிப்பேர் ஃபண்டும், பின்னாளில் வரும் பெரிய கட்டட வேலைகளுக்காகச் சேர்த்துவைக்கும் சிங்கிங் ஃபண்டும் வேறு கணக்கு. அவற்றின் விகிதத்தைப் பொதுக்குழுதான் தீர்மானிக்க வேண்டும், கமிட்டி தானாக முடிவு செய்ய முடியாது.

மேலே சொன்ன 1,500 ரூபாய் உயர்வைப் பிரித்துப் பார்ப்போம். கட்டடத்தில் 40 வீடுகள். வாட்ச்மேன் கான்ட்ராக்ட் மாதம் 24,000 ஏறியிருக்கிறது, வீட்டுக்கு 600. லிஃப்ட் பராமரிப்பு 8,000 ஏறியிருக்கிறது, வீட்டுக்கு 200. இந்த 800 நியாயமானது, பில்லைக் காட்டினால் போதும். மீதி 700 சிங்கிங் ஃபண்டில் ஒளிந்திருக்கிறது: முன்பு மாதம் 175, இப்போது 875. இந்த ஃபண்டுக்குக் குறைந்தபட்சம் நிலத்தின் மதிப்பு நீங்கிய கட்டுமானச் செலவில் வருடத்துக்கு 0.25 சதவீதம். பழைய தொகை வருடம் 2,100, அதாவது 8.4 லட்சம் கட்டுமானச் செலவுக்குச் சரியான கணக்கு. புதிய தொகை வருடம் 10,500. அது 42 லட்சத்தின் 0.25 சதவீதம். 42 லட்சம் என்பது அந்த வீட்டை வாங்கிய விலை! நிலத்தின் விலையையும் சேர்த்துப் பெருக்கிவிட்டார்கள். வேண்டுமென்று செய்ததோ, கணக்கெழுதுபவரின் தவறோ, கேட்காதவர் கட்டிக்கொண்டே இருப்பார்.

இதற்கு அவர்கள் சொல்லக்கூடிய ஒரே நியாயமான பதில், "0.25 என்பது குறைந்தபட்சம்தான், பொதுக்குழு விகிதத்தைக் கூட்டியது" என்பது. அப்படியானால் அந்தத் தீர்மானம் இருக்க வேண்டும். கடிதம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். உயர்த்தப்பட்ட தொகையை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன். பழைய, புதிய கட்டணங்களைத் தலைப்பு வாரியாகத் தர வேண்டுகிறேன். சிங்கிங் ஃபண்ட், ரிப்பேர் ஃபண்ட் இரண்டுக்கும் எடுத்துக்கொண்ட கட்டுமானச் செலவு எவ்வளவு, விகிதம் என்ன, எந்தத் தேதிப் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறியது என்பதைத் தெரிவிக்கவும். அந்த மினிட்ஸ் நகலுக்கான கட்டணத்தைச் செலுத்தத் தயார். 15 நாளில் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

இதை ஆங்கிலத்திலோ மராத்தியிலோ அனுப்புங்கள். மெயில் மட்டும் போதாது. அதையே அச்சிட்டு சொசைட்டி ஆபீசில் கொடுத்து, உங்கள் பிரதியில், கடிதம் வந்து சேர்ந்ததற்கான இன்வர்ட் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் மட்டும் கேட்காதீர்கள், அங்கே கேள்வி சண்டையாகிவிடும்.

நகல் தர மறுத்தால் உங்கள் வார்டுக்கான கூட்டுறவுச் சங்க டெபுடி ரிஜிஸ்ட்ராரிடம் புகார் செய்யலாம். சொசைட்டிக்கு எழுதியதற்கு அத்தாட்சி இல்லாமல் போனால் "முதலில் அங்கே கேளுங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த இன்வர்ட் முத்திரைக்கு வேலை அங்கேதான். இன்னொரு அலைச்சலும் உண்டு: பொதுக்குழுத் தீர்மானமே செல்லாது என்று வாதிட வேண்டுமானால் ரிஜிஸ்ட்ரார் கையை விரிப்பார், கோ-ஆபரேட்டிவ் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். எனவே ரிஜிஸ்ட்ராருக்கு எழுதும் புகாரில் தொகை அநியாயம் என்று வாதாடாமல், ஆவணம் கேட்டேன், தரவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.