தீபாவளிக்கு விற்காத துணிக்கு டிசம்பர் 31 அன்று என்ன விலை?

2025-இல் தீபாவளி அக்டோபர் 20 அன்று வந்தது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை. சிறுமிகளுக்கான பஞ்சாபி சூட் 120 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் கூலியும் சேர்த்து ஒன்றின் அடக்க விலை 45 ரிங்கிட். சீசனில் 89 ரிங்கிட்டுக்குப் போனவை. டிசம்பர் 31 கணக்கில் இந்தச் சரக்கை என்ன விலைக்குக் காட்டுவது?

அடக்க விலை, நிகரத் தீர்வு மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதுதான். நிகரத் தீர்வு மதிப்பு என்றால், சரக்கை இனி என்ன விலைக்கு விற்க முடியுமோ அதிலிருந்து விற்பதற்கு ஆகும் செலவைக் கழித்து வரும் தொகை. 89 என்ற பழைய விலைச்சீட்டுக்கு இங்கே வேலை இல்லை.

அந்த 'இனி' விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜனவரி விற்பனையே நல்ல சாட்சி. கணக்கை முடித்துக் கையெழுத்திட இன்னும் நாள் இருக்கும். அதற்குள் தைப்பூசமும் வந்துவிடும். நம் கடை தைப்பூசச் சந்தையில் 70 சூட்டை 48 ரிங்கிட்டுக்கு விற்றது. பார்த்தால் மூன்று ரிங்கிட் லாபம் போலத் தெரியும். ஆனால் ஸ்டால் வாடகை, ஆள் கூலி, இஸ்திரி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 7 ரிங்கிட் போனது. கைக்கு வந்தது 41. பலரும் சறுக்குவது இங்கேதான்: விற்பனை விலையை அடக்க விலையோடு ஒப்பிட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

மீதி 50 சூட் யாருக்கும் பொருந்தாத அளவுகள். ஒரு மொத்த வியாபாரி கடைக்கே வந்து 25 ரிங்கிட் வீதம் எடுத்துக்கொண்டார். சரி, இப்போது கணக்குப் போடலாம். 70 சூட்டில் நாலு நாலாக 280 நட்டம், 50 சூட்டில் இருபது இருபதாக 1,000. ஆக 5,400 ரிங்கிட் சரக்கு 4,120 ஆகிறது. 1,280 ரிங்கிட் விற்பனை அடக்கச் செலவில் ஏறுகிறது. விற்றது 2026-இல் என்றாலும் சீசன் முடிந்து விலை சரிந்தது 2025-இல். அதனால் நட்டமும் 2025-க்கே உரியது. அதே ஜனவரியில் கூரை ஒழுகிப் பத்து சூட் நனைந்திருந்தால் அது வேறு கதை. டிசம்பர் 31 அன்று அவை நன்றாக இருந்தன. அந்த நட்டம் 2026-க்குப் போகும்.

அதே அலமாரியில் 220 ரிங்கிட் அடக்கத்தில் முப்பது பட்டுப்புடவைகளும் இருக்கின்றன. தை மாதக் கல்யாணங்களுக்கு 320-க்குத் தாராளமாகப் போகும். “அந்த லாபம் இந்த நட்டத்தைச் சரிக்கட்டிவிடுமே” என்று முதலாளி கேட்பார். கூடாது. விற்காத புடவையின் லாபம் இன்னும் பிறக்கவில்லை, அதனால் புடவை 220-லேயே நிற்கும். மொத்தச் சரக்கிலும் பத்து விழுக்காடு என்று குத்துமதிப்பாகக் கழிப்பதையும் நான் ஏற்பதில்லை. அப்படிச் செய்தால் நல்ல புடவையின் மதிப்பு வீணாகக் குறையும், விற்காத சூட்டின் நட்டம் பாதி மறைந்துவிடும்.

அப்புறம், இப்படிக் குறைத்த சரக்கில் ஏதாவது அடுத்த டிசம்பரிலும் கடையிலேயே இருந்து, அதற்குள் விலை ஏறியிருந்தால், குறைத்ததைத் திரும்ப ஏற்ற வேண்டும். 60 ரிங்கிட் கிடைக்கும் என்றாலும் ஏற்றம் அந்த 45-ஓடு நின்றுவிடும்.