அலைகரையை அடிவானம் என்று நினைத்து அம்மம்மாவைச் சரிக்காதீர்கள்

இந்த மாதத்தில் இப்படிச் சரிந்து வந்த படம் இது நாலாவது. கிளிநொச்சியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பெரிதாக்கிச் சட்டம் போட என்று வருகிற குடும்பப் படங்களில் நிறைய, இரணைமடுக் குளக்கட்டில் நின்று போனில் எடுத்தவை. கொண்டு வருகிற பிள்ளைகள் "அண்ணா, சரிவை நானே நேராக்கிட்டன், அடிச்சு மட்டும் தாங்கோ" என்பார்கள். அந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பயம்.

போன கிழமை வந்த தம்பியின் படத்தில் அம்மம்மா ஊன்றுதடியோடு நடுவில் நிற்கிறா, பின்னால் குளம். தூரத்துக் கரைக்கோடு பளிங்குத் தரை மாதிரி மட்டமாக இருக்கிறது. ஆனால் அம்மம்மா ஒரு பக்கம் விழப் போகிறவர் போலச் சாய்ந்து நிற்கிறா, தடியின் நுனியையும் காணவில்லை. "கரை சரிஞ்சு கிடந்தது அண்ணா, 4 டிகிரி திருப்பினன்" என்றார்.

தம்பி, அது அடிவானம் இல்லை! முல்லைத்தீவில் கடலைப் பார்த்து எடுத்தால் தண்ணீரும் வானமும் சந்திக்கிற கோடுதான் அடிவானம், அதை மட்டமாக்கலாம், பிழை வராது. குளத்தின் எதிர்க்கரை அப்படியல்ல. அது வளைந்தும் சரிந்தும் ஓடுகிறது, ஒரு முனை உங்களுக்குக் கிட்ட, மறு முனை தூர. கிட்ட இருக்கிற முனை படத்தில் தாழ்வாகவும் தூர இருக்கிற முனை உயர்வாகவும்தான் விழும். கமராவை நூல் பிடித்த மாதிரி நேராகப் பிடித்திருந்தாலும் அந்த அலைகரை சரிந்துதான் தெரியும், தெரிய வேண்டும். அதை வலிந்து மட்டமாக்கினால் உலகமே சரிகிறது.

அப்போ எதை வைத்துப் பார்ப்பது? தண்ணீருக்குள் நிற்கிற பட்ட மரம் ஒன்றைப் பிடியுங்கள், படத்தின் நடுப்பக்கமாக இருந்தால் நல்லது. அதன் நுனியையும் தண்ணீரில் தெரிகிற நிழலின் நுனியையும் இணைத்து ஒரு கோடு நினையுங்கள். மரம் கோணலாக நின்றாலும் பரவாயில்லை, அந்த இரண்டு நுனிகளும் நேர் மேலே கீழேதான் விழும். காற்றடித்து நிழல் கலங்கியிருந்தால் நடுவிலுள்ள மின்கம்பமோ சுவர் மூலையோ உதவும்.

தம்பியின் போனில் மூலப்படம் நல்ல காலம் அழியாமல் இருந்தது. பட்ட மரத்தை வைத்துப் பார்த்தால் உண்மையான சரிவு 1 டிகிரிதான்.

திருப்பினால் நாலு மூலையிலும் வெறும் முக்கோணங்கள் வரும். போன் செயலிகள் படத்தைத் தானாகவே பெரிதாக்கி அவற்றை மறைத்துவிடுவதால், எதுவும் போகவில்லை என்று நினைக்கிறார்கள். போகிறது. 4000க்கு 3000 பிக்சல் படம் அது. 4 டிகிரி திருப்பி, அதே 4:3 வடிவத்தில் வெட்டியதில் 3668க்கு 2751 ஆகச் சுருங்கியிருந்தது. 18க்கு 12 அங்குலத்தில் அடிக்க நான் அதை 3:2 ஆக்க வேண்டும், உயரத்தில் 2445 வரிசைதான் மிஞ்சும். தடி இரண்டு தடவை வெட்டுப்பட்ட கதை இதுதான்.

நான் செய்தது: முதலில் வெட்டும் சட்டத்தை 3:2க்குப் பூட்டினேன், அப்புறம்தான் மூலப்படத்தை 1 டிகிரி திருப்பினேன். 3955க்கு 2636 கிடைத்தது. அதோடு சட்டத்தை மேலே கீழே நகர்த்த ஏறக்குறைய 300 வரிசை இடமும் இருந்தது. வானத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கீழே இறக்கினேன். போட்டோஷொப்பில் செய்கிறவர்கள் Delete Cropped Pixels என்பதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டு வெட்டுங்கள், மனம் மாறினால் திரும்ப நகர்த்தலாம்.

சிலர் மூலைகளை வெட்டாமல் பக்கத்துத் துண்டை எடுத்து ஒட்டி நிரப்புகிறார்கள். வெறும் வானம் என்றால் நானும் செய்வேன், மறைக்க மாட்டேன். கீழ் மூலையில் அலையையும் புல்லையும் ஒட்டினால் ஒரே புல் இரண்டு இடத்தில் முளைத்து நிற்கும், போன் திரையில் தெரியாது, 18 அங்குலத்தில் சுவரில் தொங்கும்போது தெரியும்.

தயவுசெய்து திருப்பாத, வெட்டாத மூலப்படத்தைக் கொண்டு வாருங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் Document ஆக அனுப்புங்கள். எடுக்கும்போதே கால்மாட்டில் ஒரு சாண் நிலம் கூடுதலாக விடுங்கள், காலோடு ஒட்டி எடுத்த படத்தில் 1 டிகிரிக்குக்கூட எனக்கு வழியில்லை.

அம்மம்மா படத்தை நேற்று எடுத்துப் போனார்கள். கரை சரிவாகத்தான் இருக்கிறது, தடி நிலத்தில் ஊன்றி நிற்கிறது. தம்பி மட்டும் கரையைக் காட்டி "இன்னும் கொஞ்சம் சரிவு இருக்கே அண்ணா" என்றார்.