செவியறிவுறூஉ

சேலத்தில் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர், வரலாற்றுப் பாடத்தில் வரும் 'இளவரசர் கண்ணாடி' என்பது என்ன, அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டார். லத்தீனில் 'ஸ்பெகுலம் பிரின்சிபம்'. ஸ்பெகுலம் என்றால் கண்ணாடி. நல்ல அரசன் எப்படி இருப்பான் என்று எழுதி, இதில் உன்னைப் பார்த்துத் திருத்திக்கொள் என்று அரசனிடமே நீட்டும் நூல். இடைக்கால ஐரோப்பாவில் பரவிய பெயர் இது.

தமிழில் கண்ணாடியைத் தேட வேண்டாம், காது இருக்கிறது. செவியறிவுறூஉ என்பது அரசன் செவியில் படும்படி அறிவுறுத்துவது, புறத்துறைகளில் ஒன்று. தொல்காப்பியம் இதைச் செவியுறை என்கிறது: பெரியோர் நடுவே பொங்காமல் அடங்கி நடப்பதே கடன் என்று சொல்வது. வேம்பு போலக் கசந்தாலும் பின்னால் பயன் தரும் அறிவுரைக்கு 'வாயுறை வாழ்த்து' என்று தனிப் பெயரும் உண்டு.

புறநானூறு 35-ஆம் பாட்டைப் பாருங்கள். வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் போகிறார். நிலவரி பாக்கி நிற்கிறது. நேரே அதைக் கேட்கவில்லை. முதலில் நாட்டைப் புகழ்கிறார். அப்புறம், முறை கேட்டு வருபவருக்கு அரசன் எளிதில் கிடைத்தால், அது மழை வேண்டும்போது மழை பெற்றதற்குச் சமம் என்கிறார். உன் வெண்குடை வெயில் மறைக்கவா, வருந்திய குடியை மறைக்கத்தானே என்கிறார். போரில் வரும் வெற்றியும் உழுத சாலில் விளைந்ததுதான். மழை பொய்த்தாலும் விளைச்சல் குறைந்தாலும் உலகம் அரசரைத்தான் பழிக்கும். ஆகவே, ஏர் பூட்டுபவரைக் காப்பாற்று. பாட்டின் கீழ்க்குறிப்பு 'பழஞ்செய்க்கடன் வீடுகொண்டது' என்கிறது. பாக்கி தள்ளுபடியாகிவிட்டது! புகழ்ச்சியில் தொடங்கி மனுவில் முடியும் இந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1792-க்குப் பின் ஆங்கிலேய அதிகாரிகள் ரீடும் மன்றோவும், உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடிபோட்ட இந்தச் சேலம் சீமையில், நிலவரி பாக்கி என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பாரசீகத்தில் 11-ஆம் நூற்றாண்டில் நிஜாம் உல்முல்க் என்ற அமைச்சர் எழுதிய 'சியாசத் நாமா'வும் இதையேதான் வலியுறுத்துகிறது. வாரம் இரண்டு நாள் அரசன் தானே உட்கார்ந்து, இடையாள் இல்லாமல் குறை கேட்க வேண்டும். அதற்கு ஒரு கதையும் சொல்கிறார். காது மந்தமான ஓர் அரசன், இடையில் இருப்பவர்கள் குறையைத் திரித்துச் சொல்வார்களோ என்று பயந்தான். முறையீடு உள்ளவர்கள் மட்டும் சிவப்பு உடுத்த வேண்டும், வேறு யாரும் உடுத்தக் கூடாது என்று ஆணையிட்டான். யானைமேல் அமர்ந்து வெளியில் வந்து, சிவப்பு உடுத்தவர்களைக் கண்டதும் கூட்டிப்போய்த் தனியே உரக்கப் பேசச் சொல்லிக் கேட்டான்.

சரி, 'இளவரசர் கண்ணாடி'க்குத் தமிழில் எந்தப் பெயரை எழுதுவது? செவியறிவுறூஉ பாட்டின் துறை. சியாசத் நாமா அதிகாரம் பிரித்த உரைநடை. நாகனார் பாடியது ஒரே ஒரு பாக்கிக்காக. அமைச்சர் எழுதியது ஆட்சி முழுவதற்கும். அதனால் அந்த வகை நூலுக்கு 'செவியறிவுறூஉ நூல்' என்று எழுதலாம். தேர்வுத் தாளில் மட்டும் 'அரசர்க்கு அறிவுரை நூல்' என்று பக்கத்தில் போட்டுவிடுங்கள், திருத்துபவர் தடுமாற மாட்டார்.