சாயத்தண்ணி நிறம்

மருத்துவ மாணவர்களின் வகுப்பொன்றில் வாசிக்க, இரவுப் பணியைப் பற்றி ஒரு சிறுகதை கேட்டார்கள். மலையகத்து அரச வைத்தியசாலை ஒன்றின் பெண்கள் வார்டில் நான் கண்ட ஓர் இரவையே எழுதிக் கொடுத்தேன்.

அந்த அம்மாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். காலை 11 மணிக்குக் கொழுந்து பறிக்கையில் குளவிக்கூடு கலைந்துவிட்டது. கழுத்திலும் முதுகிலும் கைகளிலுமாக 60 கொட்டுகளுக்கு மேல் எண்ணினோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் உடனே தொடைத் தசையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம் போட்டிருந்தார்கள். உயிரைக் காப்பாற்றியது அந்த ஊசிதான். லொறியில் எங்களிடம் வந்தபோது மூச்சு சீராக இருந்தது, பிரஷரும் சரி.

இரவு 9 மணிக்குப் போய்ப் பார்த்தேன். "வலி எப்படிம்மா?" "பரவால்லங்க ஐயா." சிறுநீர் போனதாக அட்டையில் குறித்திருந்தது. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

நள்ளிரவு தாண்டி 1.30க்கு மகள் வந்து நின்றாள். "ஐயா, அம்மாவுக்கு ஒண்ணுக்கு சாயத்தண்ணி மாதிரி போகுது. சாயங்காலத்துல இருந்தே."

"ஏன்மா அப்பவே சொல்லல?"

"மிஸ்கிட்ட சொன்னோம். நாங்க பேசுறது அவங்களுக்கு வெளங்கலங்க. வெயில்ல தண்ணி குடிக்காததாலனு நெனச்சோம்."

அந்தத் தாதி அக்கறையானவர். தமிழ்தான் தெரியாது. தமிழ் தெரிந்த நான் நிறத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

போத்தலில் பிடித்து வரச்சொல்லி டியூப் லைட்டில் தூக்கிப் பார்த்தேன். பால் விடாத தேத்தண்ணியேதான். சோதனைப் பட்டி இரத்தம் இருப்பதாகக் காட்டியது, நுண்ணோக்கியிலோ சிவப்பணு ஒன்றுகூட இல்லை. நிறையக் குளவிகள் ஒன்றாகக் கொட்டும்போது விஷம் தசையையே சிதைத்துவிடும். சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின்தான் பட்டியை ஏமாற்றுகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைப்பதும் அதுவே. முதல் ஆபத்தான ஒவ்வாமை நிமிடங்களில் வருவதால் எல்லோரும் மூச்சையே பார்க்கிறோம். இரண்டாவது பல மணி நேரம் கழித்துச் சத்தமில்லாமல் வருகிறது. ஓரிரு நாள் கழித்தும் வரலாம். வீட்டுக்குப் போனவர்களும் சிறுநீரின் நிறம் கறுத்தாலோ அளவு குறைந்தாலோ உடனே திரும்பி வரவேண்டும்.

சேலைன் ஏற்றினோம், குழாய் போட்டு மணிக்கு மணி அளந்தோம். முதல் மணி நேரத்தில் பையில் சேர்ந்தது 20 மில்லி. குறைந்தது 30ஆவது வந்திருக்க வேண்டும். விடியற்காலை கிரியேட்டினினும் பொட்டாசியமும் ஏறியிருந்தன. டயாலிசிஸ் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிவெடுத்தோம்.

அம்புலன்ஸில் ஏற்றும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஐயா, நேத்து 11 மணி வரைக்கும் வேலை செஞ்சேன். அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேராவது போடுவாங்களா?"