மூன்று கொட்டேஷன்: குறைந்த விலையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பள்ளி மேலாண்மைக் குழு பெஞ்ச் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று கடைகளிடம் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, குறைந்தவருக்கு ஆணை கொடுக்க வேண்டும். விதி இவ்வளவுதான். எவ்வளவு ரூபாய் வரை விலைப்புள்ளி போதும், எதற்கு மேல் டெண்டர் என்பது நிதிக்கு நிதி மாறும். நிதி ஒதுக்கிய ஆணையிலேயே அது இருக்கும், அதைப் படித்துவிடுங்கள். தகராறு வருவது அங்கே அல்ல. 'குறைந்த விலை' என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் வருகிறது.

பல அலுவலகங்களில் ஒப்பீட்டுப் பட்டியல் என்றால் கடையின் பெயர், ஒரு பெஞ்சின் விலை, முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று ஒரு தாள். வரி, வண்டி வாடகை, இறக்கு கூலி எதுவும் அதில் இருக்காது. அவை பிறகு பில்லில் வரும். அப்போது ஒதுக்கிய பணம் போதாது. தணிக்கைக்காரர் கேட்கும்போது தலைமை ஆசிரியர் பதில் எழுதிக்கொண்டிருப்பார். உண்மையில் குறைவாகக் கொடுத்த உள்ளூர்க் கடைக்காரருக்கோ தான் ஏன் தோற்றோம் என்றே தெரியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 செட் இரும்பு பெஞ்ச்-டெஸ்க், ஒதுக்கீடு ஒரு லட்சம் ரூபாய். எண்கள் உதாரணத்துக்கு, இப்படிப்பட்ட விலைப்புள்ளிகள் தினமும் மேசைக்கு வருகின்றன.

முதல் கடை ஒரு செட் 3,900 ரூபாய் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. கீழே சிறிய எழுத்தில் 'ஜிஎஸ்டி தனி, எக்ஸ்-கோடவுன், வண்டி வாடகை 6,000 தனி'. அதாவது விலை அவர் கோடவுன் வாசல் வரைதான்; பள்ளியில் இறக்க ஆட்களுக்கு நாமே 1,500 கூலி கொடுக்க வேண்டும். இரண்டாவது கடை 4,150 ரூபாய், ஜிஎஸ்டி தனி, பள்ளிக்குள் கொண்டுவந்து இறக்கித் தருவது அவர் செலவு. மூன்றாவது உள்ளூர்ப் பட்டறை 4,800 ரூபாய், வரி இல்லை, வண்டிக்கு மொத்தமாக 1,000, இறக்குவது அவர் ஆட்களே.

| | முதல் கடை | இரண்டாவது | மூன்றாவது |
|---|---|---|---|
| செட் விலை | 3,900 | 4,150 | 4,800 |
| 20 செட் | 78,000 | 83,000 | 96,000 |
| வண்டி வாடகை | 6,000 | இல்லை | 1,000 |
| ஜிஎஸ்டி 18% | 15,120 | 14,940 | இல்லை |
| இறக்கு கூலி | 1,500 | இல்லை | இல்லை |
| வந்து சேரும் மொத்தம் | 1,00,620 | 97,940 | 97,000 |

செட் விலையைப் பார்த்தால் முதல் கடைதான் மலிவு. வாசலில் வந்து இறங்கும் விலையைப் பார்த்தால் அதுதான் மூன்றிலும் அதிகம், ஒதுக்கீட்டையும் தாண்டிவிட்டது. கடைசியில் இருந்த பட்டறை முதலில் வந்துவிட்டது.

முதல் கடையின் வரியைக் கவனியுங்கள். 78,000-க்கு மட்டும் 18 சதவீதம் போட்டால் 14,040 தான் வரும். ஆனால் பொருளை விற்பவரே வண்டி வாடகையையும் தன் பில்லில் சேர்த்து வாங்கினால், அதுவும் பொருளின் மதிப்போடு சேர்ந்து வரிக்கு உட்படும். ஆக 84,000-க்கு வரி. இந்த 1,080 ரூபாயை விட்டுவிட்டு ஒப்பீடு போட்டால் பில் வரும்போது கணக்கு உதைக்கும். வெளிமாநிலக் கடை என்றால் ஐஜிஎஸ்டி 18 என்றும், உள்மாநிலக் கடை என்றால் சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒரே சுமைதான். ஆனால் ஒன்பதை மட்டும் கூட்டிவிட்டு அடுத்த வரியைப் பார்க்காத பட்டியல்கள் உண்டு.

வியாபாரி பொருள் வாங்கும்போது கட்டிய வரியைத் தான் செலுத்த வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்வதுபோல, ஜிஎஸ்டி பதிவு இல்லாத பள்ளியால் கழிக்க முடியாது. கொடுத்தது கொடுத்ததுதான். அதனால் 'வரி நீங்கலாக ஒப்பிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி மூன்றாவது பட்டறை. அதிகம் அநியாயம் நடப்பது இங்கேதான். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளர்களும் கடைக்காரர்களும் காம்போசிஷன் முறையில் பதிவு செய்யலாம். அவர்கள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்டுகிறார்கள். அவர்கள் தருவது வரி இன்வாய்ஸ் அல்ல, பில் ஆஃப் சப்ளை. இது சட்டப்படி முழுக்கச் சரி. ஆனால் அலுவலகத்தில் நடப்பது இரண்டில் ஒன்று. 'ஜிஎஸ்டி போடவில்லை, கொட்டேஷன் செல்லாது' என்று ஒதுக்குவார்கள். இல்லையென்றால் நம் எழுத்தரே அக்கறையாக 96,000-க்கு மேல் 18 சதவீதம் சேர்த்து 1,13,280 ஆக்கி அவரைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார். அவர் வாங்கவே முடியாத வரி அது!

சந்தேகம் இருந்தால் gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் அவருடைய ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால் Regular-ஆ Composition-ஆ என்று காட்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். இதே சோதனை மறுபக்கமும் உதவும்: காம்போசிஷனில் இருந்துகொண்டே 'ஜிஎஸ்டி 18 தனி' என்று எழுதும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்த வரியைக் கொடுக்கக் கூடாது.

டெலிவரி நிபந்தனையிலும் ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும். 'ஆணை கிடைத்த 30 நாட்களில்' என்பதும் 'ஆணையும் முன்பணமும் கிடைத்த 30 நாட்களில்' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் நீங்கள் பணம் போடும்வரை நாள் கணக்கே தொடங்காது. பட்டியலில் முன்பணத்துக்குத் தனி வரிசை வையுங்கள்.

இந்தக் குழப்பத்தில் பாதி, விலை கேட்கும் கடிதத்திலேயே தீர்ந்துவிடும். வாய்மொழியாக 'பெஞ்ச் என்ன விலை?' என்று கேட்டால் ஒருவர் 18 கேஜ் தகட்டுக்கும் இன்னொருவர் 20 கேஜுக்கும் விலை சொல்வார். கேஜ் எண் கூடினால் தகடு மெலிது. 20 கேஜ் மலிவாகத்தான் இருக்கும். அதனால் மூவருக்கும் ஒரே தேதியில் ஒரே கடிதம்: நீளம், அகலம், கேஜ், எண்ணிக்கை, எந்த இடத்தில் இறக்க வேண்டும், எத்தனை நாளில், விலை எந்தத் தேதிவரை செல்லும். பதிலில் அடிப்படை விலை, வரி, வண்டி வாடகை, இறக்கு கூலி தனித்தனியாக வேண்டும் என்றும் கேளுங்கள். எழுதாமல் விட்டிருந்தால் நீங்களே ஊகித்து நிரப்பாதீர்கள். எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் சேருங்கள்.

'நானே மூணு கொட்டேஷனும் கொண்டு வந்துடறேன் சார்' என்று சொல்லும் கடைக்காரர் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. வேலை சுலபம்தான். ஆனால் மூன்றிலும் ஒரே எழுத்துரு, ஒரே எழுத்துப்பிழை, சில சமயம் ஒரே கைபேசி எண். தணிக்கைக்காரர் முதலில் பார்ப்பதே இதைத்தான். அடுத்து தேதிகள். விலைப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல், குழுத் தீர்மானம், கொள்முதல் ஆணை என்ற வரிசையில் தேதிகள் முன்னேற வேண்டும். ஆணை போட்ட பிறகு எழுதிய ஒப்பீட்டுப் பட்டியலுக்குக் காகித விலைகூடக் கிடையாது. ஒயிட்னர் வேண்டாம், அடித்து எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

குறைந்தவருக்குக் கொடுக்காமல் அடுத்தவருக்குக் கொடுப்பதானால் காரணத்தைப் பட்டியலின் அடியிலேயே எழுதி, குழுவினர் கையெழுத்திட வேண்டும். 'தரம் திருப்தி இல்லை' என்று மட்டும் எழுதினால் நிற்காது. 'கேட்டது 18 கேஜ், கொடுத்தது 20 கேஜ்' என்று எழுதினால் நிற்கும்.

தோற்றுப்போன கடைக்காரரும் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. ஆணை கொடுத்து முடிந்தபின் ஒப்பீட்டுப் பட்டியலின் நகலை, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு போட்டுக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள். மனுவில் 'ஏன் எனக்குத் தரவில்லை' என்று கேட்காதீர்கள். விளக்கம் சொல்லத் தேவையில்லை என்று திருப்பிவிடுவார்கள். 'இன்ன தேதியிட்ட கொள்முதல் ஆணைக்கான ஒப்பீட்டுப் பட்டியல், குழுத் தீர்மானம், பணம் வழங்கிய பில் ஆகியவற்றின் நகல்' என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பட்டியலில் உள்ள மொத்தமும் பில்லில் உள்ள மொத்தமும் வேறாக இருந்தால், மேல் அலுவலருக்கு எழுதும் புகாரில் அந்த இரண்டு தாள்களையும் இணைத்தால் போதும்.