நூறு புள்ளி முன்னிலை என்றால் எத்தனை சதவீதம்?

புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஆடுகிற ஃபுட்பாலுக்கு, ஒவ்வொரு அணியின் பலத்தையும் ஓர் எண்ணாகச் சொல்லும் ரேட்டிங்கை நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். போன மாதம் உப்பளம் அணி 1600, முத்தியால்பேட்டை அணி 1500. ஆட்டம் தொடங்கும் முன் நோட்டை எட்டிப் பார்த்த ஒரு பையன், "அப்போ உப்பளம் ஜெயிக்க 64 சதவீதம், சரியாண்ணே?" என்றான். சரியில்லை. டென்னிஸ் என்றால் சரி.

64 எங்கிருந்து வந்தது? ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பட் எலோ, செஸ் ஆட்டக்காரர்களுக்காக உருவாக்கிய முறை இது. 1970-இல் உலகச் செஸ் கூட்டமைப்பு இதை ஏற்றது. இரண்டு பேரின் ரேட்டிங் வித்தியாசத்தை d என்றும், ஓர் ஆட்டத்தில் ஒருவர் சராசரியாக எடுப்பார் என்று எதிர்பார்க்கும் மதிப்பெண்ணை E என்றும் வைத்தால்,

```
E = 1 / (1 + 10^(-d/400))
```

d நூறு என்றால் E 0.64. ஆட்டம் முடிந்ததும் வென்றவருக்கு 1, தோற்றவருக்கு 0 என்று வைத்து, அதிலிருந்து E-யைக் கழித்து, K என்ற ஓர் எண்ணால் பெருக்கி ரேட்டிங்கோடு சேர்க்க வேண்டும். என் நோட்டில் K 20. உப்பளம் ஜெயித்தால் 0.36 × 20, அதாவது 7.2 புள்ளிதான் ஏறும். முத்தியால்பேட்டை ஜெயித்தால் அவர்களுக்கு 12.8. எதிர்பார்த்தது நடந்தால் கொஞ்சம், எதிர்பாராதது நடந்தால் நிறைய, அவ்வளவுதான் சூட்சுமம். ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பது என்பதையும் மனதில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

டென்னிஸில் டிரா கிடையாது. ஆகவே E-தான் ஜெயிக்கும் வாய்ப்பு, வேறு கணக்கு வேண்டாம். ஆனால் மூன்று செட் ஆட்டத்துக்கும் கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் பிரிவின் ஐந்து செட் ஆட்டத்துக்கும் ஒரே எண்ணைச் சொன்னால் தப்பு. மூன்று செட்டில் 64 சதவீதம் என்றால், பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஒரு செட்டை ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 59.5 வருகிறது. ஒவ்வொரு செட்டும் தனித்தனி என்று வைத்துக்கொண்டு அதையே ஐந்து செட்டில் போட்டால் 67. ஆட்டம் நீளமாக ஆக, பலசாலி பக்கம் தராசு சாயும்.

ஃபுட்பாலில்தான் டிரா வந்து குழப்புகிறது. அங்கே டிராவுக்கு 0.5 போடுகிறோம், ஆகவே 0.64 என்பது வெற்றி வாய்ப்போடு டிரா வாய்ப்பில் பாதியைக் கூட்டியது. எங்கள் ஆட்டத்தில் டிரா வாய்ப்பு 26 சதவீதம் என்று வைத்தால், அதில் பாதி 13 போக உப்பளத்தின் வெற்றி 51, முத்தியால்பேட்டைக்கு 23. இப்போது பையனிடம் சொல்ல வேண்டியது 64 அல்ல, 51. டிரா எத்தனை என்று எலோ தானாகச் சொல்லாது. பழைய ஆட்டங்களில் இதே அளவு வித்தியாசம் உள்ள அணிகள் எத்தனை முறை டிரா செய்தன என்று எண்ணித்தான் எடுக்க வேண்டும். ஃபிஃபாவும் 2018 முதல் ஆண்கள் தரவரிசைக்கு எலோ வழியைத்தான் வைத்திருக்கிறது. அங்கே 400-க்குப் பதில் 600, ஆகவே அதே நூறு புள்ளிக்கு 0.59-தான். சொந்த ஊர் மைதானச் சாதகத்தை அது கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு அது குறையாகத்தான் தெரிகிறது.

எண் சரியா என்று ஒரு ஆட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. 50-லிருந்து 55 வரை சொன்ன ஆட்டங்களை மட்டும் தனியாக எடுத்து எண்ணினேன். நாற்பதில் பாதிக்குப் பக்கத்தில் ஜெயித்திருந்தால் நோட்டு ஒழுங்கு, முப்பத்தைந்து ஜெயித்திருந்தால் நான் சொன்ன எண்கள் ரொம்பக் கூச்சப்பட்டவை என்று அர்த்தம். என் கணக்கு பரவாயில்லை என்றுதான் வந்தது, அதில் கொஞ்சம் மிதப்பும் வந்துவிட்டது.

அப்புறம்தான் மாட்டிக்கொண்டேன். கடலூரில் ஒரு நண்பர் இதே மாதிரி நோட்டு வைத்திருக்கிறார், அங்கே முதல் அணி 1620. அந்த அணி ஒரு நாள் பஸ் ஏறி இங்கே வந்தது. எங்கள் 1540 அணியோடு ஆட்டம், நான் கடலூருக்கு 61 என்று எழுதி, டிராவைக் கழித்து எல்லாம் சரியாகச் செய்து வைத்தேன். நாலு கோல் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு தோல்வியை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம், ஆனால் கணக்கே அதற்கு முன்பே கோணல். நாங்கள் இரண்டு பேரும் எல்லா அணிக்கும் 1500-இல் தொடங்கினோம், புள்ளி கைமாறுமே தவிரக் கூடாது, ஆகவே அங்கே சராசரி 1500, இங்கேயும் 1500. இரண்டு ஊர் அணிகளும் அதுவரை மோதியதே இல்லை. அவர்களுடைய 1620 கடலூருக்குள் செல்லும் நாணயம், எங்கள் 1540 புதுச்சேரிக்குள். இரண்டையும் கழித்து வந்த 80-க்கு எந்த அர்த்தமும் கிடையாது.

இப்போது மாதம் ஒரு முறையாவது இரண்டு ஊரும் மோதட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரை கடலூர் அணிக்கு என் நோட்டில் சதவீதம் எழுதுவதில்லை, கேள்விக்குறி போட்டு விடுகிறேன்.